பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு எந்த கேட் கோர்ஸ்? பெற்றோருக்கான கேள்வி பதில் வழிகாட்டி

கோவையில் பம்ப் கம்பெனி ஒன்றின் ட்ராயிங் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, சனி ஞாயிறுகளில் ஒரு பயிற்சி மையத்தில் ஆட்டோகேட் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு மே மாதமும் பெற்றோர் வரிசையாக வருவார்கள். "ஃபீஸ் எவ்வளவு? சர்டிபிகேட் கவர்மென்டா?" இந்த இரண்டையும்தான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்விகள்தான், ஆனால் கடைசியில் கேட்க வேண்டியவை. பிள்ளை அடுத்து எங்கே போகிறது, அதற்கு எந்த மென்பொருள், கணினியில் எத்தனை மணி நேரம் கை வைக்கும் என்ற மூன்றும் தெரியாமல் கட்டணத்தை எதோடு ஒப்பிடுவது?

(இது கணினியில் ட்ராயிங் போடும் கேட். எம்.இ. சேர எழுதும் கேட் தேர்வு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு வந்த அப்பாக்களை நானே பார்த்திருக்கிறேன்.)

## 1. கோர்ஸ் தேடும் முன் வீட்டில் எதை முடிவு செய்ய வேண்டும்?

இரண்டு விஷயம். ஒன்று, பிள்ளை எந்தப் பக்கம் போகிறது என்பது. மெக்கானிக்கல், ப்ரொடக்‌ஷன், ஆட்டோமொபைல் எல்லாம் ஒரு பக்கம், சிவில், ஆர்க்கிடெக்சர் இன்னொரு பக்கம். கவுன்சலிங் முடியாமல் எந்தப் பிரிவு என்றே தெரியாது என்றால் அதுவும் ஒரு பதில்தான். அந்த நிலையில் ஒரு பக்கத்துக்கு மட்டுமே பயன்படும் மென்பொருளில் பணம் போடக்கூடாது.

இரண்டாவது, எத்தனை வாரம் கையில் இருக்கிறது என்பது. காலண்டரை எடுத்து, கல்லூரி தொடங்கும் என்று நினைக்கும் வாரத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு கோடு போடுங்கள். அதற்குள் முடியாத கோர்ஸ் பெரும்பாலும் முடிவதே இல்லை. முதல் செமஸ்டர் தொடங்கியதும் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை எப்படிக் குறையும் என்பதை வருகைப் பதிவேட்டில் நானே பார்த்திருக்கிறேன்.

பிள்ளை ஏற்கெனவே பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ இருந்தால், பாடத்திட்டத்திலேயே கேட் லேப் இருக்கிறதா என்றும், நான் முதல்வன் திட்டத்தில் தங்கள் கல்லூரிக்கு வடிவமைப்பு சார்ந்த பயிற்சி வருகிறதா என்றும் முதலில் துறையில் விசாரியுங்கள். இலவசமாக வருவதற்கு வெளியே காசு கட்ட வேண்டாம்.

## 2. எந்த மென்பொருளில் தொடங்குவது?

எந்தப் பிரிவு என்று தெரியாத பிள்ளைக்கு ஆட்டோகேட் 2டி போதும். தகடு, தாங்கி, வீட்டுப் பிளான், மின் வரைபடம் எல்லாமே அதில் போடலாம். முதலாண்டில் வரும் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் பாடத்துக்கும் கை பழகிவிடும்.

மெக்கானிக்கல்தான் என்று உறுதியானால் ஆட்டோகேடுக்கு அடுத்து ஒரே ஒரு 3டி மென்பொருள் சேர்க்கலாம். சாலிட்வொர்க்ஸ், ஃபியூஷன், க்ரியோ, கேடியா என்று பல பெயர் சொல்வார்கள். முதல் மென்பொருளாக எதை எடுத்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்: ஸ்கெட்ச் போட்டு, அளவு கொடுத்து, அதைப் பருமனாக்குவது. ஒன்றில் கை படிந்தவர் இன்னொன்றுக்கு மாறச் சில வாரங்கள் போதும். அதனால் "ஐந்து மென்பொருள் ஒரே கோர்ஸில்" என்பதை நான் குறையாகத்தான் பார்க்கிறேன். ஒவ்வொன்றிலும் மெனு எங்கே இருக்கிறது என்று தெரிவதற்குள் அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

சிவில் என்றால் ஆட்டோகேடுக்கு அடுத்தது ரெவிட். அவசரமில்லை, இரண்டாம் ஆண்டில்கூடப் படிக்கலாம்.

## 3. காசு கட்டும் முன் பிள்ளைக்கு இது பிடிக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு வாரம் வீட்டில் விட்டுப் பாருங்கள். டிங்கர்கேட் இலவசம், பிரவுசரிலேயே ஓடும், ஆனால் பெரிய பிள்ளைகளுக்குச் சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம். ஃப்ரீகேட் முழுக்க இலவசம், கணினியில் நிறுவிக்கொள்ளலாம். ஆன்ஷேப்பும் பிரவுசரில் ஓடும், ஆனால் அதன் இலவசக் கணக்கில் செய்வது எல்லாருக்கும் தெரியும்படி இருக்கும், அவ்வளவுதான்.

மேசை இழுப்பறையில் கிடக்கும் ஏதாவது ஒரு பொருளை, கதவுத் தாழ்ப்பாள் தகடு போல, ஸ்கேலால் அளந்து வரையச் சொல்லுங்கள். எவ்வளவு அழகாக வந்தது என்று பார்க்க வேண்டாம். அளவு தப்பாக வந்தபோது திரும்ப அளந்ததா, அப்படியே விட்டுவிட்டதா என்று பாருங்கள். இந்த வேலையில் பாதி அந்தப் பொறுமைதான்.

## 4. கட்டணத்தை எதை வைத்து ஒப்பிடுவது?

நாளையோ மாதத்தையோ வைத்து ஒப்பிடாதீர்கள். பிள்ளையின் கை மவுஸில் இருக்கும் மணி நேரத்தை வைத்து ஒப்பிடுங்கள். என் பக்கத்து வீட்டு அண்ணன் மகளுக்காக நாங்கள் இருவரும் மூன்று மையங்களுக்குப் போய் விசாரித்த கணக்கு இது. கவுன்சலிங்குக்குக் காத்திருந்த பெண், கையில் சுமார் பத்து வாரம் இருந்தது.

முதல் மையம்: ஆட்டோகேட், "45 நாள்", 7,500 ரூபாய். நோட்டீஸில் இல்லாதது 18 சதவீத ஜிஎஸ்டி. அதைச் சேர்த்தால் 8,850. 45 நாள் என்பது விடுமுறையும் சேர்த்து. வாரம் ஐந்து வகுப்பு, ஒன்றரை மணி நேரம் வீதம், மொத்தம் 45 மணி நேரம். ஆனால் ஒரு கணினிக்கு இரண்டு பேர். ஆக, கைக்கு 22 மணி நேரம் சொச்சம். ஒரு மணி நேரத்துக்கு 390 ரூபாய்க்கு மேல்.

இரண்டாவது: ஐந்து மென்பொருள், ஆறு மாதம், "மாஸ்டர் டிப்ளமோ", 42,000 ரூபாய். ஜிஎஸ்டியோடு 49,560. வாரம் மூன்று நாள், இரண்டு மணி நேரம், ஆளுக்கு ஒரு கணினி. 26 வாரத்துக்கு 156 மணி நேரம் என்றால் ஒரு மணிக்கு 318 ரூபாய்தான். முதல் மையத்தைவிட மலிவாகத் தெரிந்தது, அண்ணனும் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டார். "அண்ணே, காலண்டர்ல கோடு எங்க இருக்கு?" என்றேன். பத்து வாரத்தில் அந்தப் பெண் முடிக்கக்கூடியது 60 மணி நேரம். அப்போது ஒரு மணிக்கு 826 ரூபாய். ஐந்து மென்பொருளில் இரண்டைத்தான் தொட்டிருப்பாள்.

மூன்றாவது: சிறிய மையம், விளம்பரப் பலகைகூட மங்கியிருந்தது. ஆட்டோகேட் 40 மணி நேரம், ஆளுக்கு ஒரு கணினி, எல்லாம் சேர்த்து 9,000. மணிக்கு 225 ரூபாய். மதியம் கணினி காலியாக இருந்தால் வந்து பயிற்சி செய்துகொள்ளலாம் என்றார்கள். அங்கேதான் சேர்த்தோம்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறிய மையம் பதிவு செய்ய வேண்டியதில்லை, பதிவு செய்யாதவர் ஜிஎஸ்டி வாங்கவும் முடியாது. ஆகவே ஜிஎஸ்டி கேட்டால் 15 எழுத்து எண் அச்சிட்ட ரசீது கேளுங்கள். ரசீது இல்லாவிட்டால் அந்த 18 சதவீதம் வரி அல்ல, கூடுதல் கட்டணம்.

## 5. டெமோ வகுப்பில் எதைக் கவனிப்பது?

ஏசி, பெரிய திரை இதெல்லாம் கண்ணில் படும், அதைத் தாண்டிப் பாருங்கள். சொல்லிக்கொடுப்பவரிடம் இரண்டு கேள்வி கேட்டால் போதும்.

"புது ஃபைல் எந்த டெம்ப்ளேட்டில் தொடங்குவீர்கள்?" `acadiso.dwt` என்று வர வேண்டும், அது மில்லிமீட்டருக்கானது. `acad.dwt` அங்குலத்துக்கானது. இதைக் கவனிக்காத இடத்தில் பிள்ளைகள் எழுத்து அளவும் அம்புக்குறியும் ஏன் புள்ளி போலத் தெரிகிறது என்று தெரியாமல் ஒரு வாரம் ஓட்டுவார்கள்.

"டாப் வியூவை எங்கே வைப்பீர்கள்?" நம் நாட்டு முறை ஃபர்ஸ்ட் ஆங்கிள், டாப் வியூ ஃப்ரன்ட் வியூவுக்குக் கீழே வரும். மேலே வைப்பது தேர்ட் ஆங்கிள், அமெரிக்க வழக்கம். ஆசிரியர் இரண்டையும் சொல்லி, இங்கே எது என்றும் சொன்னால் அவர் தொழிற்சாலை ட்ராயிங் பார்த்தவர். "எப்படி வேணாலும் வைக்கலாம்" என்றால் அவர் வீடியோ பார்த்துக் கற்றவர்.

டெமோ எடுப்பவரேதான் கோர்ஸும் எடுப்பாரா என்றும் கேட்டுவிடுங்கள். என் தங்கை மகனுக்கு ஒரு மையத்தில் டெமோ எடுத்தவர் பிரமாதமாகச் சொன்னார். சேர்த்த பிறகு வந்தவர் போன பேட்ச் மாணவர்.

## 6. சான்றிதழ் எந்த வகை, எதற்கு எவ்வளவு மதிப்பு?

மூன்று வகை உண்டு, மூன்றையும் ஒரே வார்த்தையில் "சர்டிபிகேட்" என்றுதான் சொல்வார்கள்.

முதலாவது, மையமே அச்சடித்துக் கொடுப்பது. வகுப்புக்கு வந்தார் என்பதைத் தாண்டி அது எதையும் சொல்லாது. இரண்டாவது, மென்பொருள் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற மையம் அந்த நிறுவனத்தின் பெயரோடு தரும் பயிற்சி நிறைவுச் சான்று. இதற்கும் பெரும்பாலும் தேர்வு கிடையாது. மூன்றாவதுதான் தேர்வு எழுதி வாங்குவது. ஆட்டோடெஸ்க் சர்ட்டிஃபைட் யூசர் என்பதும், சாலிட்வொர்க்ஸுக்கான சிஎஸ்டபிள்யூஏ என்பதும் இந்த வகை. கணினியில் நேரம் வைத்து நடக்கும், தோற்கவும் முடியும், சான்றில் உள்ள எண்ணை வைத்து வெளியார் இணையத்தில் சரிபார்க்க முடியும்.

அதனால் கேட்க வேண்டியது இதுதான்: "இந்தத் தேர்வில் என் பிள்ளை ஃபெயில் ஆக முடியுமா? தேர்வுக் கட்டணம் கோர்ஸ் கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா?" தோற்கவே முடியாத சான்றிதழுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

"கவர்மென்ட் பதிவு" என்று பலகையில் இருந்தால் எந்தப் பதிவு என்று கேளுங்கள். உத்யம் பதிவு சிறுதொழில் நடத்தும் யாரும் எடுப்பது, மாவு மில்லுக்கும் உண்டு. ஐஎஸ்ஓ 9001 என்பது நிர்வாக நடைமுறைக்கானது. இரண்டுமே பாடத்தையோ பிள்ளையையோ பற்றி ஒன்றும் சொல்லாது. அரசு வேலைக்கு ட்ராஃப்ட்ஸ்மேன் தகுதி வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், குறுகிய கோர்ஸ் எதுவும் உதவாது. அதற்கு ஐடிஐயில் இரண்டு ஆண்டு ட்ராஃப்ட்ஸ்மேன் பிரிவு இருக்கிறது, மெக்கானிக்கலும் உண்டு, சிவிலும் உண்டு.

தனியார் பட்டறைகளில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். எங்கள் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு காஸ்டிங்கைக் கையில் கொடுத்து வெர்னியரும் கணினியும் காட்டுவோம்.

## 7. வீட்டில் லேப்டாப் வாங்க வேண்டுமா? மென்பொருளுக்குத் தனிக் காசா?

ஆட்டோகேட் 2டிக்கு 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் கணினி ஓடும். 3டிக்கு 16 இருந்தால் நிம்மதி. சாலிட்வொர்க்ஸும் ரெவிட்டும் விண்டோஸில்தான் ஓடும், மேக்புக் வாங்கி வைத்துவிட்டு அப்புறம் விழிக்க வேண்டாம். டச்பேடில் இந்த வேலை நடக்காது, நடுவில் உருளை உள்ள மவுஸ் ஒன்று கட்டாயம்.

ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு ஓராண்டு உரிமம் இலவசமாகத் தருகிறது, புதுப்பித்துக்கொள்ளலாம். பள்ளியிலோ கல்லூரியிலோ படிப்பதற்கான சான்று கேட்கும். காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு அதைப் பயன்படுத்தக்கூடாது. இப்படி இலவசமாகவே கிடைக்கும்போது, மையத்தில் பென் டிரைவில் "க்ராக்" போட்டுத் தந்தால் வாங்கி வர வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். சட்டம் ஒரு பக்கம், அந்த ஃபைலோடு வரும் வைரஸ் இன்னொரு பக்கம்.

## 8. பணம் கட்டும் நாளில் எதை எழுதி வாங்க வேண்டும்?

மொத்த மணி நேரம், ஆளுக்கு ஒரு கணினி, மென்பொருளின் பெயர், வரி, தேர்வுக் கட்டணம், தவறிய வகுப்பைத் திரும்ப எடுப்பார்களா, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும். ரசீதின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் போதும். எழுத மறுத்தால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

"வட்டியில்லா மாதத் தவணை" என்றால் படிவத்தின் தலைப்பைப் படியுங்கள். பல இடங்களில் அது மையத்தோடு போடும் தவணை அல்ல, ஒரு நிதி நிறுவனத்திடம் உங்கள் பெயரில் எடுக்கும் கடன். பிள்ளை வகுப்பை விட்டாலும் தவணை நிற்காது. மையத்திடமே இரண்டு தவணையாகக் கட்டக் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

## 9. கோர்ஸ் உருப்படியாகப் போகிறதா என்று, கேட் தெரியாத நான் எப்படிச் சரிபார்ப்பது?

இதற்கு ஒரு தகடு வைத்திருக்கிறேன். மூன்றாவது வாரத்தில் கீழே உள்ளதைத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

120 மி.மீ. நீளம், 80 மி.மீ. அகலம் உள்ள தகடு. நான்கு மூலையும் 10 மி.மீ. ஆரத்தில் வளைவு. நான்கு மூலையிலும் 10 மி.மீ. விட்டத்தில் ஒரு துளை, ஒவ்வொன்றின் மையமும் இரண்டு ஓரத்திலிருந்தும் 15 மி.மீ. உள்ளே. அளவுகள் போட்டு, ஏ4 தாளில் ஒன்றுக்கு ஒன்று அளவில் அச்செடுக்க வேண்டும்.

பிள்ளை வரைந்து முடித்ததும், துளைகளை விட்டுவிட்டுத் தகட்டுப் பரப்பில் ஹேட்ச், அதாவது பரப்பைக் கோடுகளால் நிரப்புவது, போடச் சொல்லி, அதைத் தேர்ந்தெடுத்து Properties பெட்டியில் Area என்ன என்று கேளுங்கள். சரியாக 9200 வர வேண்டும். மூலை வளைவில் வெட்டுப்படும் பரப்பும் துளைகளின் பரப்பும் சேர்ந்தால் மிகச்சரியாக 400 வரும்படி அளவுகளைத் தேர்ந்திருக்கிறேன், அதனால்தான் முழு எண்.

வேறு எண் வந்தால் அதுவே தவறைச் சொல்லும். 8257.52 என்றால், விட்டம் 10 என்பதை ஆரம் 10 என்று கொடுத்துவிட்டது. `CIRCLE` கட்டளை மையத்தைக் காட்டியதும் ஆரத்தைத்தான் கேட்கும், புதியவர்கள் அதிகம் விழும் குழி இது. 9285.84 என்றால் மூலை வளைவை மறந்துவிட்டது. 9514.16 என்றால் ஹேட்ச் துளைகளின் மேலும் படர்ந்துவிட்டது. படம் சரியாகவே இருக்கலாம்.

அடுத்து, அச்சுத் தாளில் ஸ்கேலை வையுங்கள். 120 வர வேண்டும். வரவில்லையென்றால் `PLOT` பெட்டியில் Fit to paper டிக் ஆகியிருக்கும், அல்லது பிடிஎஃப் அச்செடுக்கும்போது Fit தேர்வாகியிருக்கும். திரையில் எவ்வளவு சரியாக இருந்தாலும் இந்தத் தாளை வைத்துப் பட்டறையில் யாரும் அளக்கக்கூடாது.

கடைசியாக, போட்ட அளவு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, Properties பெட்டியில் Text override என்ற இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே எண் தட்டியிருந்தால், கோடு தப்பான நீளத்தில் இருக்கிறது, எழுத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இதைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்காது, யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மையத்துக்கு நேரில் போக வேண்டிய நாள் அது.

3டி படிக்கும் பிள்ளை என்றால் அதே தகட்டை 10 மி.மீ. தடிமனாக்கி, எஃகு என்று கொடுத்து எடை கேளுங்கள். அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம் என்றால் 722.2 கிராம் வரும். பிறகு நீளத்தை 120லிருந்து 150 ஆக மாற்றச் சொல்லுங்கள், அந்த ஒரு எண்ணை மட்டும். துளைகள் தாமாக ஓரத்தோடு நகர்ந்து, எடை 910.6 கிராம் ஆனால் மாடல் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறது. துளைகள் பழைய இடத்திலேயே நின்றாலும் எடை அதேதான் காட்டும். அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் திரையையும் பாருங்கள், துளை ஓரத்திலிருந்து 15 மி.மீ.தானா என்று அளக்கச் சொல்லுங்கள். சிஎஸ்டபிள்யூஏ தேர்விலும் இப்படித்தான், மாடல் செய்ய வைத்து, ஒரு அளவை மாற்றச் சொல்லி, எடையைக் கேட்பார்கள்.

அண்ணன் மகளுக்கு மூன்றாவது வாரம் 8257.52 தான் வந்தது. மையத்துக்குப் போன் போட வேண்டுமா என்று அண்ணன் பதறினார். இருங்கள் என்று சொல்லி, துளையின் அளவை மட்டும் அவளையே படிக்கச் சொன்னேன். படித்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள், நான்கு வட்டத்தையும் அழித்துவிட்டு `CIRCLE` தட்டி, மையத்தைக் காட்டி, D என்று அழுத்திவிட்டு 10 கொடுத்தாள்.